பக்க ஆர்.பி.எம் ஏறுகிறது, வருமானம் ஏறவில்லையா? விளம்பரம் வைக்கும் முறை, படிப்படியாக

உங்கள் தளத்துக்குக் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் அனுமதி கிடைத்துச் சில வாரங்கள் ஓடியதும் பெரும்பாலோருக்கு ஒரே யோசனைதான் வரும்: இன்னும் இரண்டு விளம்பரம் சேர்த்தால் என்ன? சேர்த்த மறுநாளே பக்க ஆர்.பி.எம், அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்கான வருமானம், ஏறிவிடும், மனசுக்கும் சந்தோஷமாக இருக்கும். மாதக் கடைசியில் பார்த்தால் மொத்த வருமானம் இருந்த இடத்திலேயே நிற்கும், இல்லை கொஞ்சம் குறைந்திருக்கும். இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எத்தனை விளம்பரம் வைக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டு முடிவு செய்யலாம்.

படி 1: எந்த எண்ணைப் பார்ப்பது?

ஆட்சென்ஸ் அறிக்கையில் `Page RPM` என்று ஒரு எண் இருக்கும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு வந்தது என்பது அது. வருமானத்தைப் பக்கப் பார்வைகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிடைக்கும். எண் சரிதான், ஆனால் வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போனாரா, பாதியில் வெளியேறினாரா என்பதை அது சொல்லாது.

அதற்குத்தான் வருகை ஆர்.பி.எம் வேண்டும். ஒருவர் தளத்துக்குள் வந்து வெளியேறும்வரை நடப்பது ஒரு வருகை. கூகுள் அனலிட்டிக்ஸில் இதை `Sessions` என்று காட்டும். அதே நாட்களின் ஆட்சென்ஸ் வருமானத்தை எடுத்து இப்படிக் கணக்கிடுங்கள்:

```
வருகை ஆர்.பி.எம் = (வருமானம் ÷ வருகைகள்) × 1000
```

ஒரு உதாரணம் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒரு தளத்தில் கட்டுரைக்கு 3 விளம்பரம். பக்க ஆர்.பி.எம் 2 டாலர். வாசகர் ஒருவர் ஒரு வருகையில் சராசரியாக 2.2 பக்கம் படிக்கிறார். அப்படியானால் வருகை ஆர்.பி.எம் 4.40 டாலர். இப்போது விளம்பரத்தை 6 ஆக்குகிறோம். பக்க ஆர்.பி.எம் 2.60 ஆகிறது. அறிக்கையில் இது 30 சதவீத உயர்வு. ஆனால் எரிச்சலில் வாசகர்கள் சீக்கிரமே கிளம்பிவிடுவதால், ஒரு வருகைக்கு 1.6 பக்கம்தான். 2.60 × 1.6 என்றால் 4.16 டாலர். ஆயிரம் வருகைக்கு 24 சென்ட் போய்விட்டது!

விளம்பரம் இரண்டு மடங்கானபோது பக்க ஆர்.பி.எம் ஏன் இரண்டு மடங்காகவில்லை என்பதையும் கவனியுங்கள். ஐந்தாவது, ஆறாவது விளம்பரம் வரை பலர் கீழே உருட்டிப் போவதே இல்லை. ஒரு சாதாரணப் பட விளம்பரத்தின் பரப்பில் பாதியாவது, தொடர்ந்து ஒரு விநாடியாவது திரையில் தெரிந்தால்தான் அது 'பார்க்கப்பட்டது' என்று கணக்கு. அப்படிப் பார்க்கப்படாத இடங்களுக்கு விளம்பரதாரர்கள் குறைவாகத்தான் ஏலம் கேட்பார்கள்.

படி 2: இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

கூகுளே இடம் பார்த்து வைக்கும் தானியங்கி விளம்பரங்களை அப்படியே விட்டால், பக்கம் மாறும்போது முழுத்திரையையும் மறைக்கும் விளம்பரமும், திரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதும் சேர்ந்தே வரலாம். தொடக்கத்தில் அவற்றை அணைத்துவிட்டு, மூன்றே இடங்களில் கையால் வையுங்கள். முதல் இரண்டு மூன்று பத்திகளுக்குப் பிறகு ஒன்று, நடுவில் ஒரு துணைத்தலைப்புக்கு முன்னால் ஒன்று, கட்டுரை முடிந்ததும் ஒன்று. தலைப்புக்கும் முதல் வரிக்கும் இடையில் வைக்க வேண்டாம். வாசகர் தேடி வந்த விஷயம் இங்கே இருக்கிறதா என்று பார்க்கும் இடம் அது, அங்கே குறுக்கே நிற்கக் கூடாது.

பதிவிறக்கப் பொத்தான், 'அடுத்த பக்கம்' இணைப்பு, மெனு, இவற்றின் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். இடம் மாற்றியதும் கிளிக் விகிதம் திடீரென்று பல மடங்கு எகிறினால் அது நல்ல செய்தி அல்ல. விரல் தவறிப் படுகிறது என்று அர்த்தம். அந்தக் கிளிக்குகளுக்கான பணம் பின்னால் கழிக்கப்படலாம். விளம்பரத்தை இரண்டு முறை தொட்டால்தான் திறக்கும் என்ற கட்டுப்பாட்டைக் கூகுள் போடவும் கூடும்.

படி 3: கைப்பேசியில் அளந்து பாருங்கள்

'சிறந்த விளம்பரங்களுக்கான கூட்டமைப்பு' வகுத்த விதியின்படி, கைப்பேசியில் கட்டுரைப் பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருக்கக் கூடாது. தலைப்புப் பட்டையும் அடிப்பகுதியும் இந்தக் கணக்கில் வராது. உங்கள் கட்டுரை 4,000 பிக்சல் உயரம், ஒவ்வொரு விளம்பரமும் 250 பிக்சல் என்று வையுங்கள். மூன்று என்றால் 750, அதாவது 19 சதவீதத்துக்குள். ஐந்து என்றால் 1,250, அதாவது 31 சதவீதம், எல்லை தாண்டிவிட்டது. சின்னக் கட்டுரைக்கு இன்னும் சீக்கிரம் தாண்டும். 1,500 பிக்சல் கட்டுரையில் இரண்டு வைத்தாலே 33 சதவீதம். அதனால் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே எண்ணிக்கை வைக்காதீர்கள்.

படி 4: விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் முக்கியம். வாசகர் மூன்றாவது பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே விளம்பரம் தாமதமாக வந்து விழுகிறது, படித்த வரி கீழே ஓடிவிடுகிறது. இப்படி இரண்டு முறை ஆனால் அவர் திரும்பி வரமாட்டார். இந்தத் தள்ளாட்டத்தின் அளவை சி.எல்.எஸ் என்பார்கள். அது 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது.

தீர்வு எளிது. விளம்பரக் குறியீட்டை ஒரு பெட்டிக்குள் போட்டு, பெட்டிக்கு உயரம் கொடுத்துவிடுங்கள்:

```html
<div style="min-height:250px; margin:32px 0">
  <!-- 300x250 விளம்பரக் குறியீடு இங்கே -->
</div>
```

சில நேரம் விளம்பரமே வராமல் பெட்டி காலியாக நிற்கும். பார்க்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதைச் சுருக்கினால் மறுபடி வரிகள் குதிக்கும்.

சோதிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் கருவியின் ஆய்வகச் சோதனை பக்கத்தைக் கீழே உருட்டிப் பார்க்காது. நடுவில் இருக்கும் விளம்பரம் செய்யும் குழப்பம் அதில் சிக்காமல் போகலாம். அதனால் உங்கள் கைப்பேசியில், மெதுவான இணைப்பில், கட்டுரையைக் கடைசி வரை நீங்களே படித்துப் பாருங்கள். விளம்பரத்தைத் தொட்டுவிட மட்டும் வேண்டாம், சொந்த விளம்பரத்தைக் கிளிக் செய்வது விதிமீறல்.

படி 5: ஒரு மாற்றம், இரண்டு முழு வாரம்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு விளம்பரத்தைச் சேர்க்கவோ எடுக்கவோ செய்யுங்கள். முந்தைய இரண்டு வாரத்தோடு அடுத்த இரண்டு வாரத்தை ஒப்பிடுங்கள். வார நாளுக்கும் வார இறுதிக்கும் வருகை வேறுபடும் என்பதால் முழு வாரங்களாகவே எடுக்க வேண்டும். டிசம்பரை ஜனவரியோடு ஒப்பிட வேண்டாம். ஆண்டு இறுதியில் விளம்பரச் செலவு கூடி, புத்தாண்டில் சரியும். உங்கள் மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கட்டுரை திடீரென்று வேறொரு நாட்டில் பரவினாலும் எண்கள் குழம்பும், அப்போது அறிக்கையை நாடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

வருகை ஆர்.பி.எம் ஏறி, திரும்பி வரும் வாசகர்களின் எண்ணிக்கையும் குறையவில்லை என்றால் அந்த விளம்பரம் இருக்கட்டும். வருகை ஆர்.பி.எம் அப்படியே இருந்து, பக்க ஆர்.பி.எம் மட்டும் ஏறியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம் அதே இரண்டு வாரச் சோதனையை, நடுவில் இருக்கும் விளம்பரத்தை ஒரு பத்தி கீழே நகர்த்திச் செய்து பாருங்கள்.