மங்கலான படத்தில் செம்பின் தன்வெப்பம்

தங்கை அனுப்பிய கணக்குப் படத்தில் 80 °C-இல் 200 கிராம் வெந்நீர், 20 °C-இல் 400 கிராம் செம்புக் கட்டி. இரண்டும் சேர்ந்தால் இறுதி வெப்பநிலை என்ன? செம்பின் தன்வெப்பம் மட்டும் மங்கி, 0.385-ஆ 0.885-ஆ என்று தெரியவில்லை.

0.885 போட்டால் 62.2 °C வருகிறது. அதிலும் நீர் இழந்த வெப்பமும் கட்டி பெற்ற வெப்பமும் சமமாகவே இருக்கும்; அதனால் அந்தச் சரிபார்ப்பு இங்கே உதவாது. உலோகத்தின் பெயர்தான் கைகொடுத்தது. செம்புக்கு 0.385 J/g°C, 0.9-ஐ ஒட்டி வருவது அலுமினியம்.

பிறகு வேலை சுலபம். நீருக்கு 200 × 4.18 = 836, கட்டிக்கு 400 × 0.385 = 154.

```
T = (836×80 + 154×20) / (836 + 154) ≈ 70.7 °C
```

பாத்திரமும் காற்றும் வெப்பம் எடுக்காது என்று கொண்ட விடை இது. நேரில் அளந்தால் சற்றுக் குறைவாகவே காட்டும்.