குருப்பட்ட அழைப்பிதழ் கைக்கு வந்தால்: வேலூர் வரும் உறவினர்களுக்கு

போன வருடம் என் அண்ணன் மகனுக்குக் கத்தோலிக்கக் குருப்பட்டம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு அழைப்பிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது நான்தான். அடுத்த இரண்டு வாரமும் போன் ஓயவில்லை, எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள். வேலூர் மறைமாவட்டத்தில் இப்படியொரு விழாவுக்கு வருகிறவர்களுக்காக அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அட்டையை நிதானமாகப் படியுங்கள். அதில் இரண்டு பூசைகள் இருக்கும். ஒன்று ஆயர் தலைமையில் நடக்கும் குருத்துவத் திருநிலைப்பாடு. மற்றொன்று புதிய குரு சொந்த ஊரில் வைக்கும் முதல் நன்றித் திருப்பலி. எங்கள் வீட்டில் முதலாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலூர் விண்ணேற்பு அன்னை பேராலயத்தில். இரண்டாவது ஞாயிறு காலை, சேத்துப்பட்டுப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக் கோயிலில். பிரான்சிலிருந்து வந்த சித்தப்பா ஒருநாள் விழா என்று நினைத்து, சனிக்கிழமை இரவுக்கே திரும்பும் விமானம் போட்டிருந்தார். நல்லவேளை, தேதியை மாற்ற முடிந்தது. இரண்டு பூசைக்கும் இருக்கும்படி பயணச்சீட்டு எடுங்கள். புதிய குருவின் முதல் திருப்பலியில் பக்தியோடு பங்கேற்பவர்களுக்கு, வழக்கமான நிபந்தனைகளின்படி பாவத் தண்டனை முழுவதும் நீங்கும் பரிபூரண பலன் உண்டு என்பதைப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள்.

முகவரியில் 'திருவண்ணாமலை மாவட்டம்' என்றிருந்தால் குழம்ப வேண்டாம். தாத்தா காலத்து வடாற்காடு 1989இல் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டமும் 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்துவிட்டது. 1952இல் தொடங்கிய வேலூர் மறைமாவட்டமோ இந்தப் பகுதிகள் எல்லாவற்றையும் சேர்த்தே ஆள்கிறது. அதனால்தான் பட்டம் ஒரு மாவட்டத்திலும் முதல் பூசை இன்னொரு மாவட்டத்திலும் வருகிறது. ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்க வேண்டும். வேலூரில் தங்க இடம் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் நோயாளிகளாலும் உடன் வந்தவர்களாலும் நிறைந்தே இருக்கும்.

நேரத்தைப் பற்றி அழுத்தியே சொல்கிறேன். கல்யாண வீட்டு வரவேற்புக்குப் போவதுபோல வராதீர்கள். பத்து மணி என்றால் பத்துக்குப் பவனி கிளம்பிவிடும். எங்கள் மைத்துனர் ஒருவர் சாவகாசமாகப் பதினொன்றரைக்கு வந்தார். உள்ளே நுழைந்தபோது பட்டம் கொடுத்து முடிந்திருந்தது. பூசை அதன்பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது, ஆனால் அவர் பார்க்க வந்தது அதற்கு முன்னால் போய்விட்டது.

ஏனென்றால் பட்டச் சடங்கு பூசையின் நடுவில், நற்செய்தி வாசித்த உடனேயே தொடங்கிவிடுகிறது. முதலில் பட்டம் பெறுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் "இதோ வருகிறேன்" என்று எழுந்து முன்னே போவார். பொறுப்புள்ள குரு ஒருவர் அவரை ஆயரிடம் ஒப்படைப்பார், அவர் தகுதியானவர்தானா என்று ஆயர் கேட்பார். மறையுரை முடிந்ததும் வாக்குறுதிகள். தன் கூப்பிய கைகளை ஆயரின் கைகளுக்குள் வைத்துக் கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுப்பார். அடுத்து, பீடத்துக்கு முன்னால் முகங்குப்புற விழுந்து கிடப்பார், நாம் புனிதர்களின் மன்றாட்டு மாலையைப் பாடுவோம். ஞாயிற்றுக்கிழமையிலும் பாஸ்கா காலத்திலும் அதை நின்றுகொண்டு பாட வேண்டும், மற்ற நாட்களில் முழங்காலில் இருக்க வேண்டும்.

அவர் எழுந்து ஆயர் முன் முழந்தாளிட்டதும் பாட்டு நின்றுவிடும். ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் தலைமேல் இரண்டு கைகளையும் வைப்பார். பின்னாலேயே வந்திருக்கும் குருக்கள் ஒவ்வொருவராக வந்து கை வைப்பார்கள். எங்கள் விழாவில் அறுபது குருக்களுக்கு மேல் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் கை வைத்து முடியும்வரை கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்தக் கை வைப்பும் அதைத் தொடர்ந்து ஆயர் சொல்லும் அர்ச்சிப்பு மன்றாட்டும்தான் ஒருவரைக் குரு ஆக்குகின்றன. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1947இல் அதைத் தெளிவாக வரையறுத்தார். எண்ணெய் பூசுவதும் பாத்திரம் கொடுப்பதும் அதன் விளக்கமாக வருபவை. ஆகவே அந்த நேரத்தில் கைதட்டவோ, செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடவோ வேண்டாம். படம் எடுக்க ஏற்பாடு செய்தவர் இருப்பார், அவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு உடை மாறும். இதைக் கவனித்துப் பாருங்கள். குருவுக்கு முந்தைய நிலையில், திருத்தொண்டராக இருந்தபோது, இடத் தோளிலிருந்து குறுக்காகக் கிடந்த துகிலை, இப்போது இரண்டு தோளிலிருந்தும் நேராகத் தொங்கும்படி போட்டுவிடுவார்கள், மேலே பூசை உடை வரும். அடுத்து ஆயர் அவர் உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசுவார். தைலம் பூசிய கையைத் துணியால் கட்டும் பழைய வழக்கம் இன்றைய சடங்குமுறையில் இல்லை. ஆனாலும் தைலத்தைத் துடைத்த துணியைப் புதிய குருவின் அம்மாவிடம் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அந்த அம்மா இறக்கும்போது அதைச் சவப்பெட்டியில் வைப்பார்கள். எங்கள் அண்ணி அதை வாங்கியதும் மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றார். ஒலிவ எண்ணெயில் பரிமளத் தைலம் கலந்த வாசனை, வெகுநேரம் போகவில்லை.

உங்களுக்கு வேலை இருக்கும் இடம் காணிக்கைப் பவனி. அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோக உறவினர்களைக் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டியல் பத்து நாளுக்கு முன்பே முடிந்துவிடும், விருப்பம் இருந்தால் வீட்டாரிடம் அப்போதே சொல்லுங்கள். கூட வரும் இந்து, சிஎஸ்ஐ சொந்தங்கள் நற்கருணை நன்மை வாங்கும் வரிசையில் சேராமல் இருந்த இடத்திலேயே கைகூப்பி இருந்தால் போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், முன்கூட்டியே நீங்கள் சொல்லிவைத்தால் அவர்களுக்கும் சங்கடம் இருக்காது.

மாலையும் பொன்னாடையும் பூசை முடிந்தபிறகுதான். பணம் கொடுப்பதாக இருந்தால் அட்டையில் பெயருக்குப் பின்னால் எழுத்து இருக்கிறதா பாருங்கள். 'சே.ச.' என்றால் இயேசு சபை. சபைத் துறவிகள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், நீங்கள் கொடுப்பது சபைக்குப் போகும். மறைமாவட்டக் குருவுக்கு அந்த வார்த்தைப்பாடு இல்லை, அவருக்கே கொடுக்கலாம். பூசைச் சாமான்களை வாங்கி வருவதானால் முதலில் கேட்டுவிடுங்கள், எங்கள் பையனுக்கு மூன்று பூசைப் பாத்திரங்கள் வந்து சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் வேறு மாதிரி இருக்கும். ஊர் எல்லையிலிருந்து மேளத்தோடு கூட்டிப்போவார்கள். கோயிலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுப் பாயில் உட்கார வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லி வையுங்கள். பெண்கள் முக்காடு போட ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும். பூசை முடிந்ததும் வரிசையில் போய் அவருடைய உள்ளங்கையை முத்தி செய்து ஆசீர் வாங்க வேண்டும். பெயர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிட்டவர்களும் அன்றைக்கு 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. வரிசையில் அவரை முதலில் விட்டார்கள். தன் காலில் விழப்போன அவரைப் பேரன் தடுத்துத் தூக்கிப் பிடித்தான். "தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டு, அவன் கையை விடாமலே, "சாப்பிட்டியாடா" என்று கேட்டார்.