காப் கோணம் அளக்கும்போது எந்த முள்ளெலும்பில் கோடு போடுவது?

முதுகெலும்பு பக்கவாட்டில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லக் காப் கோணத்தைப் பயன்படுத்துகிறோம். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948-இல் விவரித்த முறை இது. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவின் மேல்முனை முள்ளெலும்பின் மேல்தட்டை ஒட்டி ஒரு கோடு, கீழ்முனை முள்ளெலும்பின் கீழ்த்தட்டை ஒட்டி இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம்தான் காப் கோணம். 10 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் நோய், என்று சொல்வதில்லை. வளர்ச்சி இன்னும் பாக்கியிருக்கும் பிள்ளைக்கு 25 டிகிரியைத் தாண்டும்போது, வளைவைப் பிடித்து நிறுத்த உடலில் அணியும் பிரேஸ் பற்றிப் பேச ஆரம்பிக்கிறோம். 45, 50 என்று போனால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வருகிறது.

கோணத்தை அளப்பது எளிது. தவறு நடப்பது அதற்கு முந்தைய படியில், எந்த முள்ளெலும்பு முனை என்று முடிவு செய்யும் இடத்தில்தான்.

முனை முள்ளெலும்பு என்றால் அந்த வளைவிலேயே அதிகமாகச் சாய்ந்திருப்பது. பலர் வளைவு கண்ணுக்கு நேராகிவிட்டதாகத் தெரியும் இடத்தையோ, முறுக்கம் இல்லாமல் நேராகப் பார்க்கும் முள்ளெலும்பையோ முனையாக எடுத்துக்கொள்கிறார்கள். முறுக்கமில்லாத முள்ளெலும்பு சில சமயம் முனையோடு ஒன்றாக இருக்கும், பல சமயம் ஒன்றிரண்டு படி தள்ளியிருக்கும். வளைவின் உச்சியில் இருக்கும் முள்ளெலும்பு இன்னும் ஏமாற்றும். நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகியிருப்பதும் அதிகம் முறுக்கியிருப்பதும் அதுதான், ஆனால் சாய்வு அதில்தான் மிகக் குறைவு.

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் இடைவெளியைப் பார்த்தால் முனையைக் கண்டுபிடிக்கலாம். வளைவுக்குள் இருக்கும் டிஸ்குகள் வெளிப்பக்கம் விரிந்தும் உள்பக்கம் ஒடுங்கியும் ஆப்பு போல இருக்கும். முனையைத் தாண்டியதும் டிஸ்க் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், அல்லது எதிர்ப்பக்கம் விரியத் தொடங்கும். அப்படியும் சந்தேகம் இருந்தால் மேலே மூன்று, கீழே மூன்று முள்ளெலும்புகளுக்குக் கோடு போட்டு, எது அதிகம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். தட்டு மங்கலாக இருந்தால் முள்ளெலும்பின் இரண்டு பக்கமும் உள்ள பெடிக்கிள் என்ற எலும்புத் தண்டுகளின் ஓரத்தை இணைத்துக் கோடு போடலாம், அடுத்த முறையும் அதே அடையாளத்தைப் பயன்படுத்த வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வளைவுக்குள் முனையைத் தவறாக எடுத்தால் கோணம் எப்போதும் குறைவாகவே வரும், அதிகமாக வராது. காப் கோணம் என்பது மேல்முனைச் சாய்வும் கீழ்முனைச் சாய்வும் சேர்ந்த கூட்டுத்தொகை. அதிகச் சாய்வு உள்ள எலும்பை விட்டு வேறு எதை எடுத்தாலும் கூட்டுத்தொகை இறங்கும். அதாவது இந்தத் தவறு நோயைச் சிறிதாகக் காட்டும் பக்கமே சாய்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 வயதுச் சிறுமி, நெஞ்சுப்பகுதியில் வலப்பக்க வளைவு, வளர்ச்சி இன்னும் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுப்பகுதி முள்ளெலும்புகளை டி என்றும் இடுப்புப்பகுதி முள்ளெலும்புகளை எல் என்றும் மேலிருந்து கீழாக எண்ணுகிறோம். முதல் எக்ஸ்ரேயில் டி5-இன் சாய்வு 12 டிகிரி, டி6-இன் சாய்வு 14, அதற்குக் கீழே குறைந்துகொண்டே போகிறது. மறுமுனையில் எதிர்த்திசைச் சாய்வு டி11-இல் 11, டி12-இல் 14, எல்1-இல் 12. அப்படியானால் முனைகள் டி6, டி12, கோணம் 28. ஆனால் அளந்தவர் டி5, டி11 என்று எடுத்து 23 என்று எழுதிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து வேறொருவர் சரியாக டி6, டி12 எடுத்து, 15-உம் 15-உம் சேர்த்து 30 என்று எழுதுகிறார்.

அறிக்கைகளை மட்டும் படிப்பவருக்கு 23 லிருந்து 30, ஆறு மாதத்தில் 7 டிகிரி ஏற்றம். வீட்டில் எல்லாரும் பயந்துபோவார்கள். உண்மையில் ஏறியது 2 டிகிரி. ஒரே ஆள் ஒரே படத்தை இரண்டு முறை அளந்தாலே 3 லிருந்து 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம், இரண்டு பேர் அளந்தால் இன்னும் கூடலாம். அதனால்தான் 5 டிகிரிக்கு மேல் மாறினால் மட்டுமே வளைவு கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அப்புறம், இதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: முதல் நாளே அந்தக் கோணம் 25-ஐத் தாண்டியிருந்தது. பிரேஸ் பற்றிய பேச்சு ஆறு மாதம் தள்ளிப்போனதற்கு அந்த 23-தான் காரணம்.

ஆகவே பழைய அறிக்கையில் உள்ள எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடாதீர்கள். பழைய படத்தையே திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஆள், ஒரே முள்ளெலும்புகளில் அளக்க வேண்டும். முனை உண்மையிலேயே ஓர் எலும்பு இடம் மாறியிருந்தால் இரண்டு அளவையும் எழுதிவிடலாம். எண்ணும்போதும் கவனம் தேவை. சிலருக்கு 11 அல்லது 13 ஜோடி விலா எலும்புகளோ, இடுப்புப் பகுதியில் ஆறு முள்ளெலும்புகளோ இருக்கும். ஒருவர் மேலிருந்தும் இன்னொருவர் கீழிருந்தும் எண்ணினால், ஒரே எலும்புக்கு இரண்டு பெயர் வந்துவிடும்.

கணினியில் அளந்தால் தவறு வராது என்று நம்புவதும் சரியில்லை. கோட்டிலிருந்து கோணத்தை அது துல்லியமாகக் கணக்கிடும், எந்த எலும்பில் கோடு போடுவது என்பதை நாம்தான் காட்டுகிறோம். இரட்டை வளைவில் இது அடிக்கடி சறுக்கும். மேல் வளைவின் கீழ்முனையும் கீழ் வளைவின் மேல்முனையும் பெரும்பாலும் ஒரே முள்ளெலும்புதான். அதில் போட்ட ஒரே கோடு இரண்டு வளைவுக்கும் போதும்.

கோட்டுக்கும் முந்தைய தவறு, படம் எடுத்த விதத்தில் இருக்கலாம். படுத்த நிலையில் எடுத்தால் புவியீர்ப்பின் பாரம் இல்லாததால் வளைவு தளர்ந்து, கோணம் சுமார் 10 டிகிரி வரை குறைந்து தெரியலாம். வேறு காரணத்துக்காகப் படுக்கவைத்து எடுத்த படத்தோடு நின்ற படத்தை ஒப்பிட்டால் கதையே மாறிவிடும். நின்று எடுக்கும்போதும் ஒரு முழங்கால் மடங்கியிருந்தாலோ, ஒரு கால் குட்டையாக இருந்தாலோ இடுப்பு சாய்ந்து, இடுப்புப் பகுதியில் இல்லாத வளைவைக் காட்டும். படத்தில் இடுப்பெலும்பின் இரண்டு மேல் விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் குட்டைக் காலுக்கு அடியில் கட்டை வைத்து மறுபடி எடுப்பது பற்றி யோசிக்கலாம். காலையைவிட மாலையில் வளைவு சில டிகிரி கூடுதலாகத் தெரிவதும் உண்டு. பிரேஸோடு எடுத்த படம் பிரேஸ் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதைத்தான் சொல்லும். நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

அறிக்கையில் எண்ணை மட்டும் எழுதாமல் "நின்ற நிலை, பிரேஸ் இல்லாமல், காலை 10 மணி, வலப்பக்க நெஞ்சு வளைவு, டி6 மேல்தட்டு முதல் டி12 கீழ்த்தட்டு வரை 28 டிகிரி" என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து வருபவர் அதே எலும்புகளில் கோடு போட முடியும்.