மாமல்லபுரம்: கூட்டத்தில் சிக்காமல் ஒரு நாள் சுற்றுவது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குடும்பத்தோடு கடற்கரைக் கோயிலுக்குப் போனேன். வண்டி நிறுத்தவே அரை மணி நேரம் ஆனது. உள்ளே போனால் சிற்பத்துக்கும் எங்களுக்கும் நடுவே செல்ஃபி எடுப்பவர்கள் வரிசை. அடுத்த முறை அதே ஊருக்கு நேரத்தை மாற்றிப் போனேன். அந்தத் திட்டத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய், புதன் போன்ற வார நாள் நல்லது. காணும் பொங்கல், பள்ளிச் சுற்றுலாக்கள் குவியும் டிசம்பர்–ஜனவரி வார இறுதிகள் வேண்டாம். பலர் கவனிக்காத நாட்கள் இரண்டு உண்டு: ஏப்ரல் 18, நவம்பர் 19. தொல்லியல் துறை இலவச அனுமதி தரும் நாட்கள் என்பதால் அன்று கூட்டம் கூடும்.

முடிந்தால் முந்தின இரவே ஊரில் தங்கிவிடுங்கள். இல்லையென்றால் சென்னையிலிருந்து விடிகாலை நாலரைக்குள் கிளம்புங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்து வையுங்கள்.

படி 2: காலை 6 மணி, கடற்கரைக் கோயில்

வாசல் 6 மணிக்குத் திறக்கும். ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். ஆகவே உள்ளே நின்றபடியே உதயம் பார்க்கலாம். ஜூனில் ஐந்தே முக்காலுக்கே உதித்துவிடும், அப்போது இந்த வாய்ப்பு கிடையாது. பெரிய விமானத்தின் சன்னதி கடலைப் பார்த்துக் கிழக்கு நோக்கியிருக்கிறது. முதல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழும். உப்புக்காற்று தேய்த்த கல்லில் மிச்சமிருக்கும் சிங்கங்களின் முகம் அந்தச் சாய்வு வெளிச்சத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. பின்னால் இருக்கும் சின்ன விமானம் மேற்கு நோக்கியது. இரண்டுக்கும் நடுவே பள்ளிகொண்ட பெருமாள். அவரைப் பார்க்காமல் திரும்பிவிடுபவர்கள் நிறைய.

படி 3: ஏழு மணி, அர்ச்சுனன் தபசு

கொஞ்ச தூரம் நடந்தால் போதும். டிக்கெட் தேவையில்லை. இந்தப் பாறையும் கிழக்குப் பார்த்தது, அதனால் காலையில்தான் இதற்கு வெயில். மதியத்துக்குமேல் முகப்பு நிழலாகிவிடும். தவம் செய்பவரின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அப்படியே கண்ணைக் கீழே யானைகள் பக்கம் கொண்டுவாருங்கள்: ஒரு பூனை அவரைப் போலவே கையைத் தூக்கி நின்று தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பதினொரு மணிக் கூட்டத்தில் அந்தப் பூனை கண்ணில் படுவது கஷ்டம்.

படி 4: ஒன்பது மணி, ஊரை விட்டு வெளியே

சென்னையிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் வழியில் டிபன் முடித்துக்கொண்டு, பெரும்பாலும் ஒன்பதரை பத்துக்கு ஊருக்குள் வரும். அவை வரும்போது நீங்கள் கிளம்ப வேண்டும். வடக்கே சுமார் 5 கி.மீ. தள்ளிச் சாளுவன்குப்பம்.

அங்கே இருக்கும் குடைந்த பாறையைப் புலிக்குகை என்பார்கள், ஆனால் சுற்றிச் செதுக்கியிருப்பவை யாளித் தலைகள். பாறையின் ஒரு பக்கத்தில் யானைகளும் உண்டு. அதைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். வடக்கே கொஞ்சம் நடந்தால் அதிரணசண்ட மண்டபம். ஒரே கல்வெட்டு வாசகத்தை அங்கே இருவேறு எழுத்துகளில் வெட்டியிருக்கிறார்கள்.

அருகிலேயே முருகன் கோயில். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டு ஒன்று இங்கே ஒரு கோயில் இருந்ததைக் காட்டியது; 2005-இல் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலக் கருங்கல், அதற்குக் கீழே இன்னும் பழைய செங்கல் கட்டடம். முன்னால் ஒரு கல் வேல் நிற்கிறது. மாமல்லபுரம் வந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

நிழல் குறைவு, தண்ணீர், தொப்பி அவசியம். இளநீர், சாப்பாடு எல்லாம் இந்தப் பக்கத்துக் கடைகளிலேயே வாங்குங்கள். எல்லார் செலவும் கோயில் வாசல் கடைகளுக்கே போக வேண்டியதில்லை.

படி 5: நாலரை மணி, ஐந்து ரதம்

மதியம் அறையிலோ மரத்தடியிலோ ஓய்வு. ரதங்களை மாலைக்கு ஒதுக்கக் காரணம் உண்டு: திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசர் ரதங்கள் நான்கும் மேற்கு நோக்கியவை. காலையில் முகப்பு இருட்டாக இருக்கும், மாலையில் பொன்னிறமாகும். பஸ்களும் அதற்குள் திரும்ப ஆரம்பித்திருக்கும். காலையில் கடற்கரைக் கோயிலுக்கு எடுத்த அதே டிக்கெட்தான் இங்கேயும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்தரைக்குமேல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

திட்டம் பிசகினால்

சனி, ஞாயிறு மாலைகளில் இது அவ்வளவாகப் பலிக்காது. உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ரதங்களின் வாகன நிறுத்தத்தில் பஸ்கள் நிறைந்திருந்தால் வரிசையில் நிற்காதீர்கள். தெற்கே கல்பாக்கம் வழியில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போய்விடுங்கள். பூவேலை செதுக்கிய பழைய கல்லறைக் கற்கள் அங்கே இருக்கின்றன. ரதங்களை மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்க்கலாம். முகப்பில் வெயில் இருக்காது, ஆனால் ஆளும் இருக்காது.