படம் வரையத் தெரியாதவரின் ஸ்டோரிபோர்டு: எங்கே சறுக்குகிறது

எனக்கு வரைய வராது என்று சொல்லும் இயக்குநர்களின் ஸ்டோரிபோர்டை, அதாவது ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு கட்டத்துக்குள் வரைந்து காட்டும் தாளை, பார்த்தால் கோணல்மாணலான கோடுகள் பெரிய தொல்லையாக இருப்பதில்லை. ஆள் ஃபிரேமில் எவ்வளவு பெரிதாக இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, இந்த மூன்றும் அதில் தெரியாது. இவை தெரிந்துவிட்டால் தலைக்கு ஒரு முட்டை, உடம்புக்கு ஒரு குச்சி போதும். கேமராமேன் புரிந்துகொள்வார்.

ஒரு காட்சியை வைத்தே பேசுவோம். இரவு, வாடகை வீட்டின் ஒற்றை அறை. அக்கா மேஜை அருகே உட்கார்ந்திருக்கிறாள். தம்பியின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கிடைத்த அடகுக்கடை ரசீது மேஜைமேல் இருக்கிறது. தம்பி கதவைத் திறந்து உள்ளே வருகிறான், ரசீதைப் பார்க்கிறான், இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளைத் தாண்டி சமையலறைக்குப் போய்விடுகிறான். அவ்வளவுதான் காட்சி.

இதை வரையச் சொன்னால் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, எல்லாக் கட்டத்திலும் ஆளை உச்சி முதல் பாதம் வரை வரைவது. மனிதன் என்றால் கையும் காலும் இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் பழகிய கை, குளோசப் என்று எழுதிய கட்டத்திலும் முழு ஆளைத்தான் போடும். எல்லாக் கட்டமும் வைட் ஷாட்டாகிவிடும், கீழே எழுதியிருப்பது ஒன்று, மேலே தெரிவது இன்னொன்று. இதற்கு வழி, தலையை முதலில் போடுவது. குளோசப் என்றால் கட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்குத் தலை மட்டும். மிட் ஷாட் என்றால் தலை கட்டத்தில் நாலில் ஒரு பங்கு, உடம்பு இடுப்போடு கட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட வேண்டும். கோடு விளிம்பைத் தாண்டி வெளியே ஓடட்டும், பரவாயில்லை. கண்ணும் வாயும் வரைய வேண்டாம், ஆனால் மூக்கு கட்டாயம் வேண்டும், முட்டையின் ஒரு பக்கம் சின்ன முக்கோணமாக. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

(கட்டத்தின் அளவையும் இங்கேயே சொல்லிவிடலாம். 16:9-ல் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். சினிமாஸ்கோப் என்றால் 12-க்கு 5. கைபோன போக்கில் சதுரமாகக் கட்டம் போட்டால் அதில் கச்சிதமாக உட்காரும் ஆள், ஸ்கோப்பில் இரண்டு பக்கமும் காலி இடத்தோடு நிற்பார்.)

அடுத்த தவறுதான் பெரியது: அறையின் தரைப்படம் இல்லாமல் நேரே கட்டங்களுக்குள் இறங்குவது. மேலேயிருந்து பார்ப்பது போல ஒரு செவ்வகம் வரையுங்கள், நம் அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி. இடது சுவரில் கதவு, மேல் சுவரில் ஜன்னல். மேஜை ஜன்னலை ஒட்டி. அக்கா மேஜையின் வலது பக்கம், கதவைப் பார்த்து. வலது பக்கம் சமையலறை. இப்போது கதவிலிருந்து அக்காவுக்கு ஒரு கோடு இழுங்கள். சினிமாக்காரர்கள் லைன் என்று சொல்வது இதைத்தான். கேமராவை இந்தக் கோட்டுக்குக் கீழ்ப்பக்கமே வைத்திருக்கும் வரை தம்பி திரையில் வலது பக்கம் பார்ப்பான், அக்கா இடது பக்கம் பார்ப்பாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவது போல இருக்கும். தம்பியின் குளோசப்பை மட்டும் ஜன்னல் பக்கம் போய் எடுத்தீர்கள் என்றால் அவனும் இடது பக்கம் பார்ப்பான். எடிட்டிங் மேஜையில் பார்த்தால் இருவரும் மூன்றாவது ஆள் யாரையோ பார்த்துப் பேசுவார்கள்.

மூக்கு இதற்குத்தான். கட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது பேசிக்கொள்ளும் இருவரின் மூக்கும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் எங்கேயோ லைன் தாண்டியிருக்கிறீர்கள். தரைப்படத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா நிற்கும் இடத்தில், அது பார்க்கும் பக்கம் விரியும்படி ஒரு சின்ன V போட்டு எண் எழுதிவிட்டால் எந்த V கோட்டுக்கு மறுபக்கம் நிற்கிறது என்று உடனே தெரியும். வேண்டுமென்றே தாண்டுவது வேறு விஷயம், அப்போதும் தரைப்படம் வேண்டும்.

தரைப்படம் இன்னொரு உண்மையையும் சொல்லும்: நீங்கள் வரைந்த ஷாட் அந்த அறைக்குள் அடங்குமா என்பதை. காகிதத்தில் சுவரே கிடையாது, அதனால் கேமரா எவ்வளவு தூரமும் பின்னால் போகும். இங்கே ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சூப்பர் 35 அல்லது ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 24 எம்எம் லென்ஸ் போட்டால், எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு அகலம் தெரியும். 50 எம்எம் என்றால் தூரத்தில் பாதி. அக்காவும் கதவில் நிற்கும் தம்பியும் ஒரே ஃபிரேமில், பக்கவாட்டில் இருந்து, என்று முதல் ஷாட்டை வரைந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா கீழ்ச்சுவரிலிருந்து எட்டடி தள்ளி இருக்கிறாள். டிரைபாடுக்கும் கேமராமேன் நிற்பதற்கும் இரண்டடி போனால் மிச்சம் ஆறடி. 24 எம்எம்மில் தெரியும் அகலமும் ஆறடிதான். கதவுக்கும் அக்காவுக்கும் நடுவே ஏழெட்டடி இருக்கும்போது இரண்டு பேரும் விழமாட்டார்கள். 50 போட்டால் மூன்றடி அகலம், அக்கா மார்பு வரைக்கும் தெரிவாள், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது? கேமராவை வலது சுவரோரம், அக்காவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், லைனுக்குக் கீழ்ப்பக்கமே. லென்ஸிலிருந்து கதவுக்குப் பத்தடி கிடைக்கிறது. அக்காவின் தோள் வலது பக்கம் பெரிதாக, தம்பி இடது பக்கம் தூரத்தில் சின்னதாக, முழங்காலுக்குக் கீழே வரை தெரிகிறான். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருவரைக் காட்டும் சஜஷன் ஷாட்தான், ஆனால் வைட் செய்ய வேண்டிய வேலையையும் இதுவே செய்துவிடுகிறது. அக்கா காத்திருந்தாள் என்பதும் பக்கவாட்டு ஷாட்டைவிட இதில் நன்றாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

வரைய வராது என்று போனில் படம் எடுத்து ஒட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். போனின் வழக்கமான கேமரா நல்ல வைட். ஆறடி தூரத்திலிருந்து எட்டடிக்கு மேல் அகலம் காட்டிவிடும். அடடா, அடங்குகிறதே என்று நினைத்துக்கொண்டு லொகேஷனுக்கு 35 எம்எம்மோடு போய் நிற்பீர்கள். போனில் எடுப்பது தவறே கிடையாது, ஆர்ட்டெமிஸ் போன்ற செயலியில் உங்கள் கேமராவையும் லென்ஸையும் தேர்ந்தெடுத்துவிட்டு எடுங்கள், அது சரியான கட்டத்தைக் காட்டும்.

சரி, இப்போது அந்த சஜஷன் ஷாட்டை வரைய வேண்டும். அக்கா கிட்டத்தில், தம்பி தூரத்தில். எவ்வளவு சின்னதாகப் போடுவது, தலை எங்கே வரும், கால் எங்கே வரும்? இங்கேதான் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள், அல்லது தம்பியை அந்தரத்தில் மிதக்கவிடுகிறார்கள். ஒரே ஒரு கோடு இதைத் தீர்க்கும். கேமராவின் உயரத்தில் கட்டத்தின் குறுக்கே ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். தரை சமமாக இருந்தால், அந்தக் கோடு எல்லோர் உடம்பிலும் கேமரா உயரம் எதுவோ அந்த இடத்தில்தான் வெட்டும், அவர்கள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும். நாற்காலியில் இருக்கும் அக்காவின் கண் தரையிலிருந்து சுமார் நாலடி. கேமராவை அந்த உயரத்தில் வைத்தால் கோடு அவள் கண்மட்டத்தில் போகும். ஐந்தரை அடி தம்பிக்கு நாலடி என்பது மார்பு. ஆகவே அவனை எவ்வளவு சின்னதாக வரைந்தாலும் மார்பு கோட்டின்மேல் இருக்க வேண்டும், தலை கோட்டுக்கு மேலே. இரண்டே நிமிட வேலை. கேமராவைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் கோடு கட்டத்தில் கீழே இறங்கும், கீழ்நோக்கிச் சாய்த்தால் மேலே ஏறும், உடம்பில் வெட்டும் இடம் மாறாது.

இந்தக் கோட்டைப் போடும்போதே இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். கேமரா அக்காவின் கண்மட்டத்திலா, தம்பியின் கண்மட்டத்திலா? கோடே இல்லாமல் வரைந்தவரிடம் கேமராமேன் ஹைட் எவ்வளவு சார் என்று கேட்டால் அங்கேயே நின்று யோசிப்பார்.

அம்புக்குறிகளில் வரும் குழப்பம் சின்னதுதான், ஆனால் அடிக்கடி வரும். ஆள் நடப்பதற்கும் கேமரா நகர்வதற்கும் ஒரே மாதிரி அம்பு போட்டால், தம்பி வலது பக்கம் போகிறானா, கேமரா நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பி பேன் ஆகிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆளின் அம்பு கட்டத்துக்கு உள்ளே, கேமராவின் அம்பு கட்டத்துக்கு வெளியே, கொஞ்சம் தடிமனாக. கேமரா முன்னால் போகிறது என்றால் கட்டத்துக்குள் இன்னொரு சின்னக் கட்டம் போட்டு நாலு மூலையையும் இணைத்துவிட்டு, டிராலியா ஜூமா என்று எழுதிவிடுங்கள்.

முகத்தையும் நாற்காலியையும் பார்த்துப் பார்த்து வரைகிறவர்கள் ரசீதின் குளோசப்புக்கு வந்ததும் ஒரு செவ்வகத்தைப் போட்டுவிட்டுத் தாண்டிவிடுவார்கள். தலைகீழாகச் செய்கிறார்கள். அந்த ரசீது யார் பக்கம் திரும்பியிருக்கிறது? அக்கா படித்துவிட்டு அப்படியே வைத்திருந்தால் எழுத்து அவள் பக்கம். தம்பி படிக்கட்டும் என்று திருப்பி வைத்திருந்தால் அவன் பக்கம். அப்படித் திருப்பி வைத்து, ஷாட்டும் தம்பியின் பார்வை என்றால், எழுத்து ஃபிரேமில் நேராக இருக்கும், அக்காவின் விரல்கள் ஃபிரேமின் மேல் விளிம்பிலிருந்து இறங்கி வரும். செவ்வகத்தின் எந்தப் பக்கம் கடைப் பெயர் என்று ஒரு தடித்த கோடு, மேலேயிருந்து வரும் நாலு விரல், இதை மட்டும் போட்டால் ஆர்ட் அசிஸ்டன்ட் ரசீதை மாற்றி வைக்கமாட்டார், அக்காவாக நடிப்பவருக்கும் எந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

அப்புறம், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கட்டம் வரையாதீர்கள். தம்பியின் குளோசப் திரும்ப வருகிறதென்றால் "4 மாதிரியே" என்று எழுதினால் போதும். நம் காட்சியில் ஏழு ஷாட்: தம்பி நுழையும் சஜஷன், அக்கா மிட், ரசீது, தம்பி குளோசப், அக்கா குளோசப், மறுபடி தம்பி, கடைசியில் அவன் கேமராவை நோக்கி வந்து ஃபிரேமைவிட்டு வெளியேறுவது. கடைசி ஷாட் முதல் ஷாட்டின் அதே இடம். ஆறாவது நாலாவதேதான். அக்காவின் மிட்டும் குளோசப்பும் ஒரே பக்கத்திலிருந்து, லென்ஸ் மட்டும் மாறுகிறது. ஆக ரசீதையும் சேர்த்தால் கேமரா வைக்கும் இடம் நாலு. ஷாட் ஒன்றுக்கு ஒரு துண்டுச்சீட்டு என்று வரைந்திருந்தால் கதை வரிசையில் அடுக்கிப் பார்த்துவிட்டு, படப்பிடிப்பன்று அதே சீட்டுகளை இட வரிசையில் மாற்றி அடுக்கி உதவி இயக்குநரிடம் கொடுக்கலாம். நோட்டுப் புத்தகத்தில் வரைந்தால் அது முடியாது.

வரைந்து முடித்ததும் கேமராமேனிடம் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருங்கள், அதுதான் கஷ்டம். தரைப்படத்தை மறைத்துவைத்து, கட்டங்களைப் பார்த்தே கேமரா எங்கே என்று அவரை V போடச் சொல்லுங்கள். அவர் போட்டதும் நீங்கள் போட்டதும் எந்த எண்ணில் ஒத்துப்போகவில்லையோ, அந்தக் கட்டத்தை மட்டும் திரும்ப வரைந்தால் போதும்.