குடும்பமாக ரயிலில் போகும்போது டிக்கெட் கணக்கில் செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் சொந்தத்தில் குலதெய்வம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கூட்டமாகக் கிளம்பினால் ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். இப்போது அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். தேதி மாற்றிப் போடுவது, பெயரில் எழுத்து விடுவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். பணத்தில் கைவைக்கும் தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

அரை டிக்கெட் எடுத்தால் படுக்கையும் உண்டு என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 2016 ஏப்ரல் 21-க்கு முன்பு, 5 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைக்கு அரைக் கட்டணம் கட்டினால் முழுப் படுக்கை கிடைத்தது. பெரியவர்கள் மனதில் அந்தக் காலம் அப்படியே தங்கிவிட்டது. இப்போதைய விதி வேறு. பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும் என்றால் பெரியவருக்கான முழுக் கட்டணம். வேண்டாம் என்றால்தான் பாதி.

படிவத்தில் பிள்ளையின் வயதைப் போட்டதும் படுக்கை வேண்டுமா என்ற தெரிவு வரும். அவசரத்தில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. போன கோடையில் சித்தப்பா மகன் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதி என்று கணக்குப் போட்டு வீடுவீடாகப் பணம் வாங்கிவிட்டான். டிக்கெட்டோ எல்லோருக்கும் படுக்கையோடு எடுத்திருந்தான். மிச்சப் பணத்தை யாரிடம் கேட்பது என்று முழித்தான். இன்னொரு முறை நேர்மாறாக நடந்தது. இரவு வண்டியில் ஏறிய பிறகு, "பையனுக்குப் பெர்த் எங்கே தம்பி?" என்று அத்தை கேட்கிறார். டிக்கெட்டில் அவன் பெயருக்கு நேரே NOSB என்று இருந்தது. இருக்கையும் இல்லை, படுக்கையும் இல்லை என்று அர்த்தம். அத்தையின் படுக்கையிலேயே அவனும் நெருக்கிப் படுத்தான். டிடிஆர் மனது வைத்தாலும் காலி இடம் இருந்தால்தானே தர முடியும்?

சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 பெரியவர்கள், 5 முதல் 11 வயதுக்குள் 4 பிள்ளைகள். சூப்பர்ஃபாஸ்ட் அல்லாத வண்டி, ஸ்லீப்பர் வகுப்பு. எளிதாக இருக்க, அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய் சேர்த்தால் பெரியவருக்கு 420. படுக்கை இல்லாத பிள்ளைக்கு 210 ஆகாது. பாதியாவது அந்த 400 மட்டும்தான். முன்பதிவுக்கான 20 ரூபாய் அப்படியே நிற்கும். ஆக 220.

நாலு பிள்ளைக்கும் படுக்கை இல்லாமல் எடுத்தால் 2,520-ம் 880-ம் சேர்ந்து 3,400. எல்லோருக்கும் படுக்கை என்றால் 4,200. வித்தியாசம் 800 ரூபாய். இரவு வண்டி என்றால் நான் நடுவழியைத்தான் பிடிப்பேன்: வளர்ந்த இரண்டு பேருக்குப் படுக்கை, சின்ன இரண்டு பேருக்கு வேண்டாம். அப்போது 3,800. யாருக்கு எது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே அந்தந்த அம்மா அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் வரும் பக்கத்தில் மொத்தத்தை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். 200, 400 என்று அதிகமாகக் காட்டினால் ஏதோ ஒரு பிள்ளைக்குப் படுக்கை விழுந்திருக்கிறது.

மூன்று வயதுக் குழந்தையைப் பயணிகள் பட்டியலில் சேர்ப்பது

5 வயது ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் இலவசம். பட்டியலில் சேர்த்துப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், பாதி அல்ல.

தாத்தா பாட்டிக்குச் சலுகை கழிப்பது

2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சேவைக் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பெருக்குவது

இணையத்தில் எடுப்பதற்கான இந்தக் கட்டணம் ஆளுக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. ஏசி இல்லாத வகுப்பில் கார்டு அல்லது நெட்பேங்கிங் என்றால் 15 ரூபாய், யூபிஐ என்றால் 10. ஏசி வகுப்பில் 30, 20. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதனால் ஸ்லீப்பரில் யூபிஐ மூலம் கட்டினால் ஒரு டிக்கெட்டுக்கு 11 ரூபாய் 80 காசு.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. நம் பத்துப் பேருக்கு இரண்டு டிக்கெட். ஒவ்வொன்றிலும் மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்று பிரித்துக்கொள்ளலாம். சேவைக் கட்டணம் 23 ரூபாய் 60 காசு, மொத்தம் 3,823 ரூபாய் 60 காசு. பத்தால் பெருக்கியிருந்தால் 118 ரூபாய் வசூலித்திருப்பீர்கள். இந்தச் சில்லறையை மிச்சம்பிடிக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ரத்து செய்தால் இது திரும்பி வராது. யாராவது பயணத்திலிருந்து விலகினால், கைக்கு வந்த தொகையை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.