வாரம் என்று எழுதி மாட்டிக்கொண்டது

உடன்குடிக் கருப்பட்டி விற்கிறேன். மின்மடல் பதிவுப் பெட்டியில் "வாரந்தோறும் பலகாரக் குறிப்புகள்" என்று எழுதியிருந்தேன். "ஏல, ரெண்டு மாசமா ஒண்ணையும் காணலியே?" என்று பாளையங்கோட்டை அத்தை கேட்டாள்.

அனுப்பியவற்றை எண்ணினேன். ஆறு மாதத்தில் ஏழு. ஐந்து வெறும் விலை அறிவிப்பு. வார்த்தையை அதற்கேற்ப மாற்றினேன்:

"மாதம் ஒரு மடல், முதல் சனிக்கிழமை. கருப்பட்டி வரத்து, விலை, ஒரு பலகாரக் குறிப்பு. பதநீர் சீசனில் கூடுதலாக ஒன்று வரலாம். விற்பனையும் இருக்கும்."

கடைசி வரியை எழுதத்தான் கை கூசியது. பொத்தானில் "சமர்ப்பி" போய் "மாத மடல் அனுப்புங்க" வந்தது. பழைய ஆட்களிடம் சொன்னது வேறு அல்லவா? மாற்றத்தைச் சொல்லி, விலகும் இணைப்பை மேலேயே வைத்து ஒரு மடல் அனுப்பினேன். சிலர் விலகினார்கள். அத்தை இருக்கிறாள்.